41 சிலைடு, முழுக்க அட்டவணை: இதை 2 நிமிட வானொலிச் செய்தியாக எப்படி எழுதுவது?

கொல்லைமல்லி · வெள்ளி இரவு 9.40

வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன இணைய வானொலி நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் 2 நிமிட நலவாழ்வுச் செய்தி என் பொறுப்பு. இந்த வாரம் ஒரு கருத்தரங்கில் கொடுத்த 41 சிலைடு கொண்ட பிபிடி கையில் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்றின் தமிழ்நாட்டு அட்டவணையை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சிலைடிலும் நகரம், கிராமம், மொத்தம், அப்புறம் முந்தைய ஆய்வின் மொத்தம் என்று நான்கு பத்தி. வரிகள் பத்துப் பன்னிரண்டு.

சிசேரியன் பற்றிய சிலைடை எடுத்துக்கொண்டு இப்படி எழுதினேன்:

"தேசியக் குடும்ப நல ஆய்வு-5 (2019-21) இன்படி தமிழ்நாட்டில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன. 44.9% பிரசவங்கள் சிசேரியன் முறையில் நடைபெறுகின்றன. இது 2015-16இல் 34.1% ஆக இருந்தது. அதாவது 32% அதிகரிப்பு. சிசேரியன்களில் 63.8% தனியார் மருத்துவமனைகளிலும் 36.0% அரசு மருத்துவமனைகளிலும் செய்யப்படுகின்றன. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை உள்ளது."

அம்மாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். முடித்ததும் "எத்தனைன்னு சொன்னே?" என்று கேட்டார். எதைக் கேட்கிறாய் என்றேன். "எல்லாத்தையும்தான்." எல்லாம் இருக்கிறது, ஆனால் காதில் எதுவுமே தங்கவில்லை. நாளை மாலை ஒலிப்பதிவு. எங்கே தப்பு?

நீலப்பேனா · வெள்ளி இரவு 9.58

எழுத்துரு அளவை 28க்குக் குறையாமல் வையுங்கள். ஒரு சிலைடில் ஆறு வரிக்கு மேல் போகாதீர்கள். முக்கியமான கட்டத்துக்கு மஞ்சள் நிறம் அடியுங்கள், பார்வையாளர் கண் தானாக அங்கே போகும்.

கொல்லைமல்லி · வெள்ளி இரவு 10.02

வானொலிங்க. மஞ்சள் நிறத்தை எப்படி வாசிப்பது :)

பழைய_மைக் · வெள்ளி இரவு 10.31

மாநிலச் செய்திப் பிரிவு ஒன்றில் பகுதிநேரச் செய்தி வாசிப்பாளனாக 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். உங்கள் அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். எண்கள் சரியா என்று நான் பார்க்கவில்லை, அதற்கு வேறு யாராவது வருவார்கள். வாசிப்பை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் ஆறு வரியில் ஆண்டு, வயது எல்லாம் சேர்த்து எத்தனை எண் என்று எண்ணிப் பாருங்கள். அட்டவணையைப் பார்க்கிறவன் வேண்டும்போது மேலே திரும்பிப் பார்ப்பான். கேட்கிறவனுக்குத் திரும்பிப் பார்க்க எதுவும் கிடையாது. என் கணக்கு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு. ஒரு செய்திக்கு மொத்தமாக நான்கைந்தைத் தாண்டினால் பின்னது வந்து முன்னதைத் துடைத்துவிடும். ஆகவே ரத்தசோகை வரியை எடுத்துவிடுங்கள். அது வேறொரு ஞாயிற்றுக்கிழமையின் செய்தி.

அடுத்தது, எண்ணை எங்கே வைக்கிறோம் என்பது. "44.9% பிரசவங்கள் சிசேரியன் முறையில்" என்று எழுதினால் எண் முதலில் வந்துவிடுகிறது, அது எதன் எண் என்பது பின்னால் வருகிறது. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். ஆகவே கேட்கிறவர் அந்த எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டே வாக்கியம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். பொருளை முதலில் சொல்லி, எண்ணை வினைக்கு முன்னால் கொண்டுபோய் இறக்குங்கள். "தமிழ்நாட்டில் நூறு பிரசவம் நடந்தால், அவற்றில் அறுவைச் சிகிச்சை மூலம் நடப்பவை நாற்பத்தைந்து." காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள்.

எண்ணை எழுத்தில் எழுதுங்கள். இது ஏதோ பழங்கால வழக்கம் என்று நினைக்காதீர்கள். தாளில் "34.1% ஆக" என்று இருந்தால், வாசிக்கும்போது "முப்பத்து நான்கு புள்ளி ஒன்று சதவீதம் ஆக" என்று நாக்கு இடறும். "சதவீதமாக" என்று சேர்த்து எழுதியிருந்தால் இடறாது. "36.0" இன்னும் மோசம். ஒருமுறை புதிதாக வந்த பையன் நேரலையில் "முப்பத்தாறு புள்ளி பூஜ்யம் சதவீதத்திலும்" என்று வாசித்துவிட்டுத் தானே சிரித்துவிட்டான். அந்தப் பூஜ்யம் அட்டவணையில் பத்தி நேராக நிற்பதற்காக வந்தது, காதுக்கு அது வேண்டாம்.

அடைப்புக்குறி, கோடு, சாய்கோடு எதுவும் தாளில் இருக்கக் கூடாது. "2019-21" என்பதை "இரண்டாயிரத்துப் பத்தொன்பது முதல் இருபத்தொன்று வரை" என்று நீட்டி எழுதுங்கள். என் வேகத்துக்கு நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல். தமிழில் சொற்கள் நீளம், ஆங்கிலச் செய்தியின் கணக்கை இங்கே கொண்டுவந்தால் மூச்சு வாங்கும்.

சட்டப்புள்ளி · வெள்ளி இரவு 10.50

ஒரு அடிப்படைக் கேள்வி. நம் நாட்டில் தனியார் எஃப்.எம்.மிலும் சமுதாய வானொலியிலும் ஆகாசவாணியின் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?

கொல்லைமல்லி · வெள்ளி இரவு 10.55

சமுதாய வானொலி இல்லைங்க, இணையத்தில் மட்டும்தான். அலைவரிசை உரிமம் எதுவும் எங்களிடம் கிடையாது. இந்த இழையில் அதற்குள் போக வேண்டாமே.

மைக் ஐயா, நன்றி. எண்களை எண்ணிப் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கணக்கன் · வெள்ளி இரவு 11.14

அந்த "32% அதிகரிப்பு" கேட்கிறவரை ஏமாற்றும். 34.1 என்பது 44.9 ஆகியிருக்கிறது. வித்தியாசம் 10.8. அதை 34.1ஆல் வகுத்தால் 32 சதவீதம் வருகிறது, கணக்கில் தப்பில்லை. ஆனால் காதில் "முப்பத்து நான்கு இருந்தது, முப்பத்திரண்டு சதவீதம் கூடியது" என்று விழுந்தால் பலர் கூட்டிப்போட்டு 66 என்று எடுத்துக்கொள்வார்கள். "சதவீதப் புள்ளி" என்று சொன்னாலும் யாருக்கும் புரியாது. முன்பு 34, இந்த முறை 45 என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். கூட்டுவதும் கழிப்பதும் அவர்கள் பாடு.

மற்றபடி தனியார் 63.8, அரசு 36.0 வரி சரிதான். கூட்டினால் 99.8. மீதி 0.2 முழுமையாக்கலில் போயிருக்கும். அதைத் தொட வேண்டாம்.

களப்பணி · சனி காலை 6.20

தொட வேண்டியதே அந்த வரியைத்தான். இரவே பார்த்திருந்தால் எழுதியிருப்பேன்.

நான் இதே போன்ற வீட்டாய்வுகளில் களத்தில் வேலை பார்த்தவள். அந்த இரண்டு எண்களும் ஒரே ரொட்டியின் இரண்டு துண்டுகள் அல்ல. மூல அட்டவணையில் அந்த வரியின் தலைப்பை முழுசாகப் படியுங்கள். "தனியார் மருத்துவமனையில் நடந்த பிரசவங்களில் சிசேரியன் எத்தனை சதவீதம்" என்று இருக்கும். அதன் கீழேயே அரசு மருத்துவமனைக்கு அதே கேள்வி. அதாவது தனியாரில் 100 பிரசவம் நடந்தால் 64 சிசேரியன். அரசில் 100 நடந்தால் 36. இரண்டு நூறும் வேறு வேறு நூறு. சிலைடு செய்தவர் இடம் போதவில்லை என்று தலைப்பை "சிசேரியன் – தனியார் / அரசு" என்று சுருக்கியிருப்பார், அங்கேதான் வினை.

கூட்டினால் 100 பக்கம் வருவது வெறும் தற்செயல். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பக்கத்துப் பத்தியில் முந்தைய ஆய்வின் எண்கள் இருக்கின்றன அல்லவா? தனியார் 51.3, அரசு 26.3. கூட்டுங்கள், 77.6. பங்கீடாக இருந்தால் அங்கேயும் நூறு வந்திருக்க வேண்டும். மீதி 22 சதவீதச் சிசேரியனை யார் வீட்டுத் திண்ணையில் செய்தார்கள்?

இது சின்னத் தப்பு இல்லை. செய்தியையே தலைகீழாக்குகிறது. அதே அட்டவணையில் அரசு மருத்துவமனையில் நடந்த பிரசவங்களின் வரியும் இருக்கிறது, சுமார் 67 சதவீதம். இப்போது 100 பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசில் 67, அதில் நூற்றுக்கு 36 என்றால் 24 சிசேரியன். தனியாரில் 33, அதில் நூற்றுக்கு 64 என்றால் 21. மொத்தம் 45, உங்கள் 44.9உடன் ஒட்டிப்போகிறது. ஆக எண்ணிக்கையாகப் பார்த்தால் சிசேரியன்களில் பாதிக்குச் சற்று மேல் அரசு மருத்துவமனையில்தான் நடக்கிறது. நீங்கள் எழுதியதோ மூன்றில் இரண்டு பங்கு தனியாரில் என்று போகிறது.

கணக்கன் · சனி காலை 7.45

ஒப்புக்கொள்கிறேன். 99.8ஐப் பார்த்ததும் மூளை மூடிவிட்டது. பக்கத்துப் பத்தியைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

தாமரைக்குளம் · சனி காலை 8.10

எண்ணை விடுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். என் அண்ணிக்கு இரண்டாவது பிரசவம். தனியாரில் எட்டு மாதம் வரை காட்டினோம். கடைசியில் ரத்த அழுத்தம் ஏறியதும் "இங்கே முடியாது, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்கள்" என்று கைவிரித்துவிட்டார்கள். ராத்திரி 108 ஆம்புலன்சில் போய் அரசு மருத்துவமனையில் சிசேரியன் ஆனது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் இந்தக் கேஸ் அரசுக் கணக்கில்தானே ஏறும்? தனியார்காரர்கள் காசுக்காக அறுக்கிறார்கள் என்பதையும், சிக்கலானதை அரசுக்குத் தள்ளுகிறார்கள் என்பதையும் செய்தியில் சொல்ல வேண்டும்.

களப்பணி · சனி காலை 8.40

அண்ணி நலமாக இருப்பது சந்தோஷம். ஆமாம், ஆய்வில் பிரசவம் எங்கே நடந்தது என்றுதான் கேட்போம், எட்டு மாதம் எங்கே காட்டினீர்கள் என்பது இந்த வரிக்குள் வராது. ஆகவே அது அரசுப் பக்கம்தான் விழும். சிக்கலான கர்ப்பங்கள் மாற்றி அனுப்பப்படுவதும், முதல் பிள்ளை சிசேரியனில் பிறந்தவர்களுக்கு மறுபடியும் சிசேரியனே நடப்பதும் அரசு எண்ணை ஏற்றும். ஆனால் எவ்வளவு ஏற்றும் என்று இந்த அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது. காசுக்காக என்பதையும் அப்படித்தான். அட்டவணை எத்தனை என்று சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. 2 நிமிடத்தில் ஒரு வரி காரணம் சொன்னால் அதுதான் காதில் நிற்கும், எண் நிற்காது.

தாமரைக்குளம் · சனி காலை 8.52

காரணம் சொல்லாத செய்தி யாருக்கு? எனக்கு உடன்பாடில்லை.

கணக்கன் · சனி காலை 9.05

உலக சுகாதார நிறுவனம் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறதே, அதைப் போடலாம். 45 என்பது மூன்று மடங்கு.

களப்பணி · சனி காலை 9.30

10 முதல் 15 என்பது 1985இல் சொன்னது. 2015 அறிக்கையில் தொனி மாறிவிட்டது. ஒரு மக்கள்தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்கிறார்கள். அதோடு, ஒரு குறிப்பிட்ட எண்ணைப் பிடிக்கப் பாடுபடுவதை விடத் தேவைப்படும் பெண்ணுக்கு சிசேரியன் கிடைப்பதே முக்கியம் என்றும் சொல்கிறார்கள். "கூடாது" என்று வரம்பு கட்டவில்லை. இதை நேர்மையாகச் சொல்ல இருபது நொடியாவது வேண்டும்.

பழைய_மைக் · சனி காலை 9.48

இருபது நொடி கிடையாது. விட்டுவிடுங்கள்.

களப்பணி அம்மா சொன்ன அந்த இரண்டு நூறுக்கும் வாசிப்பில் ஒரு வழி உண்டு. ஒரே வாக்கியத்தில் "தனியாரில் இவ்வளவு, அரசில் இவ்வளவு" என்று எழுதினால் எப்படி எழுதினாலும் காது அதைப் பங்கு பிரித்ததாகத்தான் கேட்கும். வாக்கியத்தை உடையுங்கள். ஒவ்வொரு முறையும் "நூறு பிரசவம் நடந்தால்" என்ற தொடரைத் திரும்பச் சொல்லுங்கள். எழுத்தில் அலுப்பாகத் தெரியும். ஒலியில் அதுதான் படிக்கட்டின் கைப்பிடி.

கொல்லைமல்லி · சனி காலை 10.15

தலை சுற்றுகிறது, ஆனால் வழி தெரிகிறது. மூல அட்டவணையை எடுத்துப் பார்த்தேன், தலைப்பு களப்பணி அக்கா சொன்ன மாதிரிதான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம். சில சிலைடுகளில் எண்ணே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஓரிரு கட்டங்களில் எண் இல்லாமல் வெறும் நட்சத்திரம். அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வாசிக்கலாமா?

களப்பணி · சனி காலை 10.40

வேண்டாம். அந்த அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. அந்தக் கட்டத்துக்குக் கிடைத்த ஆட்கள் 25 முதல் 49 பேர்தான் என்று அர்த்தம். நட்சத்திரம் என்றால் 25க்கும் குறைவு, அதனால் எண்ணையே போடவில்லை. சிலைடின் அடிக்குறிப்பை யாரோ வெட்டியிருப்பார்கள். முப்பது பேரை வைத்து வந்த சதவீதத்தை மாநிலச் செய்தி போல வாசித்தால், இன்னும் நான்கு பேர் வேறு மாதிரிப் பதில் சொல்லியிருந்தால் உங்கள் தலைப்புச் செய்தியே மாறியிருக்கும். வானொலியில் அடைப்புக்குறியை ஒலிக்க வழியில்லை, ஆகவே அந்த எண்ணை எடுக்காமல் இருப்பதே நல்லது.

கொல்லைமல்லி · சனி பகல் 1.20

புது வடிவம்:

"தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே இன்று மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் அறுவைச் சிகிச்சையின் பங்கு கூடியிருக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று தரும் கணக்கு இது. முந்தைய ஆய்வில், நூறு பிரசவங்களில் சிசேரியன் முறையில் நடந்தவை முப்பத்து நான்கு. இப்போது நாற்பத்தைந்து.

தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்கே நூறு பிரசவம் நடந்தால் அறுபத்து நான்கு சிசேரியன்.

அரசு மருத்துவமனைகளில் அந்த அளவு குறைவு. அங்கே நூறு பிரசவம் நடந்தால் முப்பத்தாறு சிசேரியன்.

ஆனால் மூன்றில் இரண்டு பிரசவங்கள் அரசு மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆகவே மொத்த சிசேரியன்களில் பாதிக்குச் சற்று மேல் அரசு மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன."

நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதி நேரத்துக்குப் போன வாரத் தடுப்பூசிச் செய்தியின் தொடர்ச்சி இருக்கிறது. 44.9ஐ 45 ஆக்கினேன், 63.8ஐ 64 ஆக்கினேன். "ஏறக்குறைய எல்லாமே" என்பது அந்த 99.6.

அம்மாவிடம் வாசித்தேன். இந்த முறை, "நூத்துக்கு நாப்பத்தஞ்சா? சரி, அரசாங்க ஆஸ்பத்திரில முப்பத்தாறு" என்று இரண்டு எண்ணையும் திருப்பிச் சொன்னார். அறுபத்து நான்கு நிற்கவில்லை.

பழைய_மைக் · சனி பகல் 1.45

இரண்டு நின்றால் போதும், நல்ல பலன். இனி தாளைப் பார்ப்போம். "தனியார்" பத்தியும் "அரசு" பத்தியும் ஒரே பக்கத்தில் வரட்டும். நடுவில் பக்கம் திருப்பினால் அந்த இடைவெளியிலேயே கேட்கிறவர் முதல் எண்ணை விட்டுவிடுவார். ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள், பின்பக்கம் வேண்டாம். "அரசு மருத்துவமனைகளில் அந்த அளவு குறைவு" என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு. கடைசிப் பத்தியில் "ஆனால்" என்ற சொல்லில் அழுத்தம் வேண்டாம், அழுத்தினால் யாரையோ குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும்.

"சிசேரியன்" என்று வைத்தது எனக்கு உறுத்துகிறது. எங்கள் காலத்தில் "அறுவைச் சிகிச்சைப் பிரசவம்" என்றுதான் வாசிப்போம்.

தாமரைக்குளம் · சனி பகல் 2.03

ஊரில் எந்தப் பெண் அப்படிச் சொல்கிறாள் ஐயா? "சிசேரியன்" என்பாள், இல்லாவிட்டால் "ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க" என்பாள்.

கணக்கன் · சனி பகல் 2.20

கடைசி வாக்கியம் அட்டவணையில் இல்லையே. களப்பணி போட்ட கணக்கு அது. ஆய்வின் பெயரைச் சொல்லிவிட்டு நம் கணக்கையும் அதோடு சேர்த்து வாசிப்பது சரியா? "இதன்படி கணக்கிட்டால்" என்றாவது ஒரு சொல் வேண்டாமா?

களப்பணி · சனி பகல் 2.50

நியாயமான கேள்வி. "இதை வைத்துக் கணக்கிட்டால்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதி என்பதே முழுமையாக்கிய எண்களில் போட்டது, 24க்கு 21. நான் என்றால் "ஏறக்குறைய பாதி" என்பதோடு நிறுத்தியிருப்பேன். "சற்று மேல்" என்று சொல்லலாமா என்று எனக்கே இரண்டு மனம்.

இன்னொன்று, "இப்போது நாற்பத்தைந்து" என்ற சொல். இந்த வரிக்கான கேள்வி, ஆய்வுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் நடந்த பிரசவங்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் களப்பணி 2020இல் தொடங்கி, ஊரடங்கால் நின்று, 2021இல் முடிந்தது. ஆகவே உங்கள் "இப்போது" என்பது 2015 வரை பின்னால் போகிறது. "இந்தச் சுற்றில்" என்று மாற்றிவிடுங்கள். முதல் வரியில் உள்ள "இன்று" என்பதும் அதே கதைதான்.

கொல்லைமல்லி · சனி மாலை 6.35

ஐயோ, நான்கு மணிக்கே பதிவு செய்துவிட்டோம். "கணக்கிட்டால்" சேர்த்திருக்கிறேன், "இப்போது", "இன்று" இரண்டும் அப்படியே இருக்கின்றன. தொகுப்பவர் இன்னும் அறையில்தான் இருக்கிறார். அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டப் பார்க்கிறேன். பக்கத்துக் கோயிலில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிட்டது, எட்டு மணிக்கு மேல்தான் முடியும்.